சொன்னது, உணர்த்தியது, சொல்லாதது: பத்தி வினாக்களில் அடிக்கடி வரும் சந்தேகங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து வங்கித் தேர்வுக்கும் கேரள பி.எஸ்.சி.க்கும் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்கும் படிப்பவர்கள் பத்தி வினாவில் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். பதில்கள் எல்லாம் கீழே உள்ள ஒரே பத்தியை வைத்துத்தான். பயிற்சிக்காக நாங்கள் எழுதிய பத்தி இது. நம் ஊர் விஷயத்தை வேண்டுமென்றே எடுத்திருக்கிறோம். தெரிந்த விஷயத்தைப் பற்றிய பத்தியில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள்.

[1] பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் தொடர்பாகத் தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. [2] அது 1958 நவம்பர் 9 முதலே நடப்புக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. [3] உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். [4] அங்கிருந்து வரும் தண்ணீர் சித்தூர்ப்புழை வழியாகச் சித்தூர் வட்டத்துப் பாசனத்துக்கு உதவுகிறது. [5] சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழைமறைவில் இருப்பதால், பாலக்காடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியைவிட அங்கே மழை குறைவு. [6] அங்கே கரிசல் மண்ணும் உண்டு. [7] நெல்லோடு தென்னையும் அங்கே பயிராகிறது. [8] அங்கே பல குடும்பங்கள் வீட்டில் இன்னும் தமிழ் பேசுகின்றன.

மூணுக்கும் என்ன வித்தியாசம்னு இந்தப் பத்தியிலயே காட்டுங்க சார்.

"பாலக்காடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், சித்தூரின் கிழக்குப் பகுதியைவிட மழை அதிகம்." இது சொன்னது. [5]-ஐத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வார்த்தை மாறினாலும் செய்தி அதே ஒரு வாக்கியத்தில் முழுசாக இருந்தால் அது சொன்னது.

"சித்தூர் வட்டத்துப் பாசனம் அந்த வட்டத்தில் பெய்யும் மழையை மட்டும் நம்பி இல்லை." இப்படி ஒரு வாக்கியம் பத்தியில் கிடையாது. ஆனால் மணக்கடவிலிருந்து வரும் தண்ணீர் பாசனத்துக்கு உதவுகிறது என்று [4] சொல்லிவிட்டது. அதை ஒப்புக்கொண்டவர் இதை மறுக்க முடியாது. இது உணர்த்தியது.

"சித்தூர் விவசாயிகள் கிணற்றுத் தண்ணீரையும் பயன்படுத்துகிறார்கள்." பத்தி கிணற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. உண்டு என்றாலும் பத்திக்குச் சம்மதம், இல்லை என்றாலும் சம்மதம். இது சொல்லாதது.

எது எந்த வகைன்னு கண்டுபிடிக்க நிச்சயமான வழி ஏதாச்சும் இருக்குதுங்களா?

இரண்டு தடவை ஒட்டிப் பார்ப்பது. கூற்றை அப்படியே பத்தியின் கடைசியில் ஒட்டிப் படியுங்கள், எங்காவது இடிக்கிறதா? பிறகு அந்தக் கூற்றை இல்லை என்று மாற்றி ஒட்டிப் படியுங்கள், இப்போது இடிக்கிறதா? மாற்றியது மட்டும் இடித்தால் கூற்று சரி. கூற்றே இடித்தால் தவறு. இரண்டுமே இடிக்காமல் உட்கார்ந்தால் சொல்லப்படவில்லை. இரண்டும் இடிப்பதுபோலத் தெரிந்தால் கூற்றைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள், மறுபடி படியுங்கள்.

சரி என்று வந்த பிறகுதான் அது சொன்னதா, உணர்த்தியதா என்ற கேள்வி. அதற்கு வாக்கிய எண்ணை எழுதிப் பாருங்கள். ஒரே எண்ணைக் காட்டி, "இதுதான் அது" என்று சொல்ல முடிந்தால் சொன்னது. எண்ணோடு "ஆகவே" என்றும் சேர்க்க வேண்டியிருந்தால் உணர்த்தியது. எண்ணே எழுத முடியாவிட்டால் சொல்லாதது. எண் எழுதாமல் "படிச்சா அப்படித்தான் தோணுது" என்று குறிக்கும் விடைகள்தான் பெரும்பாலும் போய்விடுகின்றன.

கூற்றில இருக்கிற வார்த்தை எல்லாம் பத்தியிலயும் இருக்கு. அப்ப அது சரிதானே?

வினா தயாரிப்பவர் வைக்கும் முதல் பொறி இதுதான். "ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்குக் கிடைக்கிறது." எண், இடம், மாநிலம் எல்லாம் பத்தியில் உள்ளவை. ஆனால் [3]-இன் கடைசிச் சொல்லைப் பாருங்கள்: கிடைக்க *வேண்டும்*. உடன்படிக்கை என்ன விதிக்கிறது என்பதை மட்டும்தான் பத்தி சொல்கிறது. விதித்தபடி நடக்கிறதா என்பதை அது சொல்லவில்லை.

இதற்குச் சொல்லப்படவில்லை என்று சரியாகக் குறிக்கிறவர்கள்கூட அடுத்த கூற்றில் விழுவதுண்டு: "கேரளத்துக்குக் கிடைக்க வேண்டிய அளவு கிடைப்பதில்லை." இதுவும் சொல்லப்படவில்லைதான். வேண்டும் என்ற சொல்லுக்குள் 'ஆனால் நடக்கவில்லை' என்ற குறை ஒளிந்திருப்பதாக நாம் கேட்டுக்கொள்கிறோம். தண்ணீர் வராத வருஷத்துப் பேச்செல்லாம் நம் காதில் இருப்பதால் அப்படிக் கேட்கிறது. முன் பதிலில் சொன்ன ஒட்டிப் பார்க்கும் முறையைச் செய்தால், கிடைக்கிறது, கிடைப்பதில்லை இரண்டுமே [3]-ஓடு இடிக்காமல் உட்காரும்.

வினைமுற்றைத் தனியாக அடிக்கோடிடுங்கள். தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால், அவசரத்தில் படிப்பவர் எண்ணையும் பெயரையும் பிடித்துக்கொண்டு அதை விட்டுவிடுகிறார். கிடைக்கும், கிடைக்கலாம், கிடைக்க வேண்டும், கிடைக்கிறது, கிடைத்தது ஆகிய ஐந்தும் ஐந்து வேறு செய்திகள்.

பரம்பிக்குளம் அணை கேரளாவில இருக்குதுன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதுக்கு எப்படி டீச்சர் 'சொல்லப்படவில்லை'ன்னு போடறது?

அணை பாலக்காடு மாவட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் கேள்வி உலகத்தைப் பற்றியது இல்லை, பத்தியைப் பற்றியது. இந்த எட்டு வாக்கியங்களில் பரம்பிக்குளம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று எங்கேயும் இல்லை. இதே பத்தியைப் பீகாரில் படிக்கும் ஒருவர் இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாது. அவருக்கும் உங்களுக்கும் ஒரே விடைதான் இருக்க முடியும்.

எல்லைப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கூடுதல் சிரமம். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது தெரியும், வாளையாறு செக்போஸ்ட் தெரியும், எந்த மதகை யார் திறப்பது என்றும் தெரியும். அந்த அறிவு பத்தியின் இடைவெளிகளில் தானாகப் போய் நிரம்பிவிடுகிறது. நிரப்பியது நாம் என்பதே தெரிவதில்லை. தெரியாத விஷயத்தைப் பற்றிய பத்தியில், உதாரணமாக அண்டார்டிகா பற்றியதில், இதே ஆள் நன்றாகச் செய்வார். அதனால் தெரிந்த விஷயம் வந்தால் இன்னும் மெதுவாகப் படியுங்கள். வாக்கிய எண்ணை எழுதாமல் விடை குறிக்காதீர்கள்.

அப்படின்னா வெளியிலிருந்து ஒண்ணுமே எடுக்கக் கூடாதா? கணக்குப் போட்டா அதுவும் வெளி அறிவுதானே?

கணக்குப் போடலாம். "கையெழுத்தான நாளுக்கும், நடப்புக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட நாளுக்கும் இடையே 11 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு." [1], [2] இரண்டையும் வைத்து: 1958 நவம்பர் 9 முதல் 1969 நவம்பர் 9 வரை 11 ஆண்டு, அதற்கு மேல் 1970 மே 29 வரை ஆறு மாதத்துக்கும் கூடுதல். ஆகவே சரி, உணர்த்திய வகை.

பத்தியைப் படிக்கவே தேவைப்படும் அறிவு அனுமதிக்கப்பட்டது: சொற்களின் பொருள், கூட்டல் கழித்தல், நாட்காட்டி, வடக்கு தெற்கு, ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்காது என்பது போன்றவை. பத்தி பேசும் பொருளைப் பற்றிய தனிச் செய்தி அனுமதிக்கப்பட்டதில்லை. 'வட்டம்' மாவட்டத்துக்குள் அடங்கும் என்பது முதல் வகை. எந்த அணையில் எவ்வளவு கொள்ளளவு என்பது இரண்டாம் வகை.

'தவறு'க்கும் 'சொல்லப்படவில்லை'க்கும் நடுவுலதான் எனக்கு எப்பவும் மார்க் போகுது.

சரி என்று குறிக்க ஆதாரம் தேடுகிறீர்கள் அல்லவா, தவறு என்று குறிக்கவும் அதே அளவு ஆதாரம் வேண்டும். "உடன்படிக்கை கையெழுத்தான நாளிலிருந்துதான் நடப்புக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது" என்ற கூற்றை [2] நேராக முறிக்கிறது. எண்ணைக் காட்ட முடிகிறது, ஆகவே தவறு. "உடன்படிக்கை கோயம்புத்தூரில் கையெழுத்தானது" என்ற கூற்றை முறிக்க எந்த வாக்கியமும் இல்லை. காணவில்லை என்பதால் தவறு என்று போடுகிறவர்கள் அதிகம். காணவில்லை என்பதன் பெயரே சொல்லப்படவில்லை.

இன்னொரு அடையாளம்: தவறான கூற்றைத் திருத்த முடியும். மேலே சொன்ன கூற்றில் நாளை மாற்றி 1958 நவம்பர் 9 என்று எழுதினால் சரியாகிவிடும். திருத்தத்துக்கு வேண்டிய சொல் பத்தியிலேயே இருக்கிறது. கோயம்புத்தூருக்குப் பதில் என்ன எழுதுவீர்கள்? பத்தி உங்களுக்கு ஓர் ஊர்ப்பெயர் தரவில்லை. திருத்தப் பத்தியில் சொல் கிடைக்காவிட்டால் அது தவறு அல்ல, சொல்லாதது.

'கிழக்குப் பகுதி மழைமறைவு'ன்னு போட்டிருக்கு. 'சித்தூர் வட்டம் முழுசும் மழைமறைவு'ன்னா அது தவறுதானுங்களே?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிழக்கைப் பற்றி மட்டும் சொன்னதால் மேற்கு அப்படி இல்லை என்று நமக்குக் கேட்கிறது. வீட்டில் "பெரியவன் பாஸாயிட்டான்" என்று ஒருவர் சொன்னால் சின்னவன் என்ன ஆனான் என்று உடனே கேட்போம். பேச்சில் இது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் பத்தி மேற்குச் சித்தூரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "முழுதும் மழைமறைவு" என்று ஒட்டினாலும் [5] உடையாது. முழுதும் என்றால் கிழக்கும் அதில் அடக்கம்தான். ஆகவே மூன்று விடைத் தேர்வில் சொல்லப்படவில்லை. ஐந்து விடைத் தேர்வில் வேறு மாதிரி. அது பின்னால் வருகிறது.

[8]-இல் உள்ள 'பல' என்பதும் இப்படித்தான். "எல்லாக் குடும்பங்களும் தமிழ் பேசுகின்றன" என்பது சொல்லப்படவில்லை. "சில குடும்பங்கள் மலையாளம் பேசுகின்றன" என்பதும் சொல்லப்படவில்லை. ஆனால் "தமிழ் பேசும் குடும்பமே அங்கே இல்லை" என்பது தவறு. பத்தியில் 'மட்டும்', 'எல்லா', 'ஒருபோதும்' என்று இருந்தால் தவறு என்று போடுவது எளிது. பத்தியில் 'சில', 'பல', ஒரு பகுதியின் பெயர் இவை இருந்து, கூற்றில் மட்டும் 'எல்லா', 'முழுதும்' வந்தால் கை சட்டென்று தவறுக்குப் போகும், அங்கே நிறுத்துங்கள்.

ரெண்டு வாக்கியம் அடுத்தடுத்து வந்தா ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு எடுத்துக்கலாமா?

எடுக்கக் கூடாது. "கரிசல் மண் இருப்பதால் அங்கே தென்னை பயிராகிறது" என்பது [6], [7] இரண்டையும் ஒட்டுப்போட்ட கூற்று. மண் உண்டு என்று பத்தி சொல்கிறது, தென்னை உண்டு என்றும் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் 'ஆல்' போட்டது வினா தயாரித்தவர். ஒப்பிட [5]-ஐப் பாருங்கள்: "மழைமறைவில் *இருப்பதால்*" என்று பத்தியே காரணத்தைக் கட்டியிருக்கிறது. அதனால் "கிழக்கில் மழை குறைவாக இருக்க மழைமறைவு ஒரு காரணம்" என்பது சரி.

பத்தியில் வரும் 'ஆல்' எல்லாம் காரணமும் இல்லை. "மழை பெய்தால் மதகு திறக்கப்படும்" என்று ஒரு பத்தி சொன்னால், மழை பெய்தது என்றும் சொல்லவில்லை, மதகு திறந்தது என்றும் சொல்லவில்லை. "மழை பெய்யாவிட்டால் மதகு திறக்கப்படாது" என்றும் சொல்லவில்லை. வேறு காரணத்துக்காகத் திறக்கலாம். இந்தக் கடைசிக் கூற்று கொஞ்சம் நன்றாகப் படிப்பவர்களையும் பிடித்துவிடுகிறது. "மதகு திறக்கப்படவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை" என்பது மட்டும் அந்த வாக்கியத்திலிருந்து வரும்.

தமிழ்ப் பத்தியில 'உம்', 'இன்னும்', 'ஆம்' மாதிரி குட்டிச் சொல் மறைஞ்சிருந்து ஏமாத்துது. அதை எப்படிப் படிக்கிறது?

உணர்த்துவதில் பாதி வேலையைத் தமிழில் இந்த ஒட்டுகள்தான் செய்கின்றன, அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். 'இன்னும்' எளிது. [8]-இல் "இன்னும் தமிழ் பேசுகின்றன" என்றால் முன்பும் பேசின என்பது உள்ளே வந்துவிட்டது. வாக்கியத்தைக் கேள்வியாக்கிப் பாருங்கள்: "இன்னும் தமிழ் பேசுகின்றனவா?" அப்போதும் முன்பு பேசினது கேள்விக்கு வரவில்லை, அது ஒப்புக்கொண்டதாகவே நிற்கிறது. கேள்வியாக்கினாலும் விழாமல் நிற்பது எதுவோ அது உணர்த்தியது. ஆனால் "தமிழ் பேசுவது அங்கே குறைந்து வருகிறது" என்பது சொல்லாதது. இன்னும் என்றதும் ஒரு வருத்தம் நம் காதில் விழுகிறது, அது நம்முடையது.

'உம்' கடினம். [7]-இல் "நெல்லோடு தென்னையும்" என்பதில் சிக்கல் இல்லை: இரண்டும் பயிராகின்றன, ஆகவே "தென்னை மட்டுமே பயிராகிறது" தவறு. [6]-ஐப் பாருங்கள்: "அங்கே கரிசல் மண்ணும் உண்டு." வேறு மண் இருக்கிறது, அதோடு கரிசலும் உண்டு என்று ஒரு பொருள். மழை குறைவு என்ற தன்மையோடு, கரிசல் மண் என்ற இன்னொரு தன்மையும் அந்தப் பகுதிக்கு உண்டு என்று மற்றொரு பொருள். முன் வாக்கியம் மழையைப் பற்றியது, வேறு எந்த மண்ணும் பெயர் சொல்லப்படவில்லை. ஆகவே இரண்டாவது பொருளை ஒதுக்க முடியாது. "அங்கே கரிசல் அல்லாத மண்ணும் இருக்கிறது" என்ற கூற்றுக்குச் சொல்லப்படவில்லை என்பதே பாதுகாப்பான விடை. 'உம்' எதனோடு சேர்க்கிறது என்று முந்தைய வாக்கியத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மட்டும் அதை நம்புங்கள்.

'ஆம்' கேள்விப்பட்டதைக் குறிக்கும். "விளைச்சல் குறைந்ததாம்" என்றால் குறைந்தது என்று யாரோ சொல்கிறார்கள் என்பதுதான் செய்தி. "விளைச்சல் குறைந்தது" என்ற கூற்றுக்கு அதில் ஆதாரம் இல்லை. "என்று விவசாயிகள் கூறுகின்றனர்", "எனக் கருதப்படுகிறது" என்பவையும் அப்படியே. [2]-இல் உள்ள "நடப்புக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது" என்பதையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். 1958-இல் அப்படி ஓர் உடன்படிக்கை எழுத்தில் இருந்தது என்று அது சொல்லவில்லை.

பேங்க் தேர்வுல அஞ்சு விடை தர்றாங்க. 'உண்மையாக இருக்கலாம்'கிறது உணர்த்தியதா, சொல்லாததா?

உறுதியாக உண்மை, உண்மையாக இருக்கலாம், தரவு போதாது, பொய்யாக இருக்கலாம், உறுதியாகப் பொய் என்று வரும் ஐந்து விடைகளில், நாம் இதுவரை உணர்த்தியது என்று சொன்னவை எல்லாம் *உறுதியாக உண்மை* தான். மூன்று விடைத் தேர்வில் சொல்லப்படவில்லை என்று ஒரே கூடையில் போட்டதைத்தான் இங்கே மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ஒரு பக்கம் சாய்வது, மறுபக்கம் சாய்வது, எந்தப் பக்கமும் சாயாதது.

"மணக்கடவிலிருந்து தண்ணீர் குறைந்தால் கிழக்குச் சித்தூர் விவசாயம் பாதிக்கப்படும்." சித்தூர் வட்டத்துப் பாசனத்துக்குத் தண்ணீர் உதவுகிறது [4], கிழக்கில் மழை குறைவு [5]. ஆனால் அந்தத் தண்ணீர் கிழக்குக் கிராமங்களுக்கு ஏறுகிறதா என்று பத்தி சொல்லவில்லை. ஆதாரம் ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு கண்ணி குறைகிறது: உண்மையாக இருக்கலாம். முன்பு பார்த்த "வட்டம் முழுதும் மழைமறைவு" பொய்யாக இருக்கலாம் என்பதற்குப் போகும். கிழக்கை மட்டும் பிரித்துச் சொன்னது அந்தப் பக்கம் சாய்க்கிறது. "7.25 டி.எம்.சி. கிடைக்கிறது" எந்தப் பக்கமும் சாயவில்லை: தரவு போதாது. 'இருக்கலாம்' என்று குறிக்கும்போதும் வாக்கிய எண் எழுத முடிய வேண்டும். எழுத முடியாமல் மனசு சாய்ந்தால், சாய்வது உங்கள் ஊர் அறிவு.

'எதை ஊகிக்கலாம்?'னு நாலு விடை கொடுத்தா எல்லாமே சரி மாதிரித் தெரியுது. எதை முதல்ல அடிக்கிறது?

ஒன்றைச் செய்து பார்ப்போம். இந்தப் பத்தியிலிருந்து எதை ஊகிக்கலாம்? அ) மணக்கடவுத் தண்ணீர் இல்லாமல் சித்தூர் வட்டத்தில் விவசாயம் நடக்காது. ஆ) 1958-க்கும் 1970-க்கும் இடையே இரு மாநிலங்களுக்கும் தகராறு இருந்தது. இ) 1965-ஆம் ஆண்டும் உடன்படிக்கையின் காலத்துக்குள் வரும். ஈ) பாலக்காடு மாவட்டத்தில் மழைமறைவுப் பகுதி சித்தூரில் மட்டுமே உண்டு.

அ-வில் 'உதவுகிறது' என்பது 'இல்லாமல் நடக்காது' என்று வீங்கிவிட்டது. ஈ-யில் 'மட்டுமே' புதிதாக நுழைந்திருக்கிறது. இந்த இரண்டையும் முதலில் அடிக்கலாம். ஆ கொஞ்சம் ஆழமான பொறி. கையெழுத்து தாமதமாகியிருக்கிறது, இரண்டு மாநிலங்கள், ஆற்றுத் தண்ணீர். ஒரு கதை தானாகக் கட்டிக்கொள்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் எதுவும் பத்தியில் இல்லை. இ-யில் சுவாரசியமே இல்லை. [2]-ஓடு ஒரு 'ஆகவே' போட்டால் வந்துவிடுகிறது. விடை இ.

மென்மையான விடையையே எடு என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை விதியாக வைத்துக்கொள்ளாதீர்கள். "அங்கே சில விவசாயிகள் கடன் வாங்கியிருக்கலாம்" என்பதைவிட மென்மையாக எழுத முடியாது. பத்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஐ.இ.எல்.டி.எஸ்.ல ஒரு தடவை உண்மை/தவறுன்னும் இன்னொரு தடவை ஆம்/இல்லைன்னும் வருது. ரெண்டும் ஒண்ணுதானா?

ஒட்டிப் பார்க்கும் முறை ஒன்றுதான்; ஒட்டும் இடம் வேறு. True, False, Not Given என்று வந்தால் பத்தி தரும் தகவலோடு ஒட்டுகிறீர்கள். Yes, No, Not Given என்று வந்தால் எழுதியவரின் கருத்தோடு ஒட்டுகிறீர்கள். பத்தியில் ஒரு நிபுணரின் கருத்து மேற்கோளாக வந்து, எழுதியவர் அதை ஏற்றாரா என்று தெரியாவிட்டால், இரண்டாம் வகையில் விடை Not Given. விடைத்தாளில் இரண்டு வகைச் சொற்களையும் மாற்றிப் போடாமல், கேட்டபடி எழுதுங்கள்.

சந்தேகமா இருந்தா அடிச்சு விடலாமா, விட்டுடலாமா?

தேர்வைப் பொறுத்தது. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் தவறான விடைக்குக் கழிவு இல்லை, காலியாக விடாதீர்கள். ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வில் கால் பங்கும் கேரள பி.எஸ்.சி.யில் மூன்றில் ஒரு பங்கும் கழிப்பார்கள். இரண்டு விடைகளை உறுதியாக அடித்துவிட்டால் மீதியில் ஒன்றைக் குறிப்பது லாபம். ஒன்றையும் அடிக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கூற்றுக்கு ஆதாரம் தேடிப் பத்தியை மூன்றாவது முறை படிக்கிறீர்கள் என்றால், தேடுவதை நிறுத்துங்கள். கூற்றில் உள்ள பெயரும் எண்ணும் எந்த வாக்கியத்தில் வருகிறதோ அதையும் அதன் முன் பின் வாக்கியத்தையும் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை; சொல்லப்படவில்லை என்று குறித்து நகருங்கள். சொல்லாததைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் அதிகம் போகும், ஏனென்றால் இல்லாததைத் தேடுகிறோம்.

வீட்டில தனியா எப்படிப் பயிற்சி எடுக்கிறது?

செய்தித்தாளில் எட்டுப் பத்து வாக்கியம் உள்ள ஒரு பத்தியை வெட்டி எண் போடுங்கள். அதிலிருந்து நீங்களே ஒன்பது கூற்றுகள் எழுதுங்கள்: சொன்னது மூன்று, உணர்த்தியது மூன்று, சொல்லாதது மூன்று. சொல்லாததை எழுதும்போது பத்தியின் சொற்களையே பயன்படுத்த வேண்டும்; கிரிக்கெட்டைப் பற்றி எழுதினால் அதில் பயிற்சி இல்லை. பிறகு கலைத்து ஒரு நண்பரிடம் கொடுங்கள், அவர் எழுதியதை நீங்கள் வாங்குங்கள்.

நீங்களும் அவரும் மாறுபடும் இடங்கள்தான் பயன்படும். அங்கே வாக்கிய எண்ணைக் காட்டி வாதாடுங்கள். நீங்கள் தப்பாகக் குறித்தவற்றுக்குப் பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: வினைமுற்று, ஊர் அறிவு, முழுதும், காரணம், உம். இரண்டு வாரத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்த ஒன்றை மட்டும் வைத்து அடுத்த கூற்றுகளை எழுதுங்கள்.

விடைக்குறிப்பே தப்புன்னு தோணினா என்ன பண்றது?

நடக்கும், 'உம்' பற்றிய பதிலில் பார்த்ததுபோல இரண்டு பொருள் தரும் வாக்கியத்தை வைத்துக் கேள்வி வந்துவிடுவதுண்டு. கேரள பி.எஸ்.சி. முதலில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறது, அதற்குக் கெடு உண்டு. ஆட்சேபத்தில் "இது தவறு" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. பத்தி வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், அது தரும் இரண்டு பொருளையும் எழுதுங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் எந்த விடை வருகிறது என்று காட்டுங்கள். வெளிப் புத்தகத்தைக் காட்டி "உண்மை இதுதான்" என்று வாதாடாதீர்கள். பத்தி வினாவில் அது ஆதாரமே ஆகாது.